இரவு ஏழு முதல் காலை ஏழு வரை: தீவக வைத்தியசாலைத் தாதியருக்கான ஒரு நலன்பேண் அமர்வு

எங்கள் அரச வைத்தியசாலைகளில் தாதியரின் நாள் மூன்று துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. காலை ஏழு முதல் ஒரு மணி வரை ஒன்று, ஒரு மணி முதல் மாலை ஏழு வரை இன்னொன்று. மிச்சம் இருக்கும் பன்னிரண்டு மணித்தியாலமும் இரவுக் கடமை. ஆளணி குறைந்த இடங்களில் இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலைக் கடமை முடித்துப் போனவர் அன்றிரவே திரும்பி வருவார். பின்னேரக் கடமையில் நின்றவர் அப்படியே இரவுக்கும் நிற்பார். இதோடு கடலையும் தாம்போதியையும் சேர்த்தால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுத் தாதியரின் கணக்கு வரும்.

நான் தாதியாக வேலை செய்து, பின்னர் தாதியருக்குக் கற்பித்து ஓய்வுபெற்றவள். இளம் தாதியர் சிலர் கேட்டதற்காக எழுதி வைத்த அமர்வுத் திட்டம் இது. ஒன்றேகால் மணித்தியாலம் போதும். ஒரு வைத்தியசாலையின் பொறுப்புத் தாதி யாருடைய உதவியும் இல்லாமல் இதை நடத்தலாம். வீட்டில் இரவுக் கடமைக்குப் போகும் ஒருவர் இருந்தால் நீங்களும் வாசியுங்கள். அவருடைய பகல் நித்திரை பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

எப்போது, எத்தனை பேர்

இரவுக் கடமை முடிந்த கையோடு காலை ஏழரைக்கு இப்படியான அமர்வுகளை வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்பது காரணம். நித்திரையைப் பற்றிக் கதைப்பதற்காக நித்திரையைப் பறிக்கும் வேலை அது. பகல் ஒரு மணிக்கு வையுங்கள். காலைக் கடமை முடிப்பவர்கள் அப்போது நிற்பார்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில் திரும்ப நடத்தினால் மற்றவர்களும் வந்துவிடுவார்கள். ஆறு முதல் பத்துப் பேர் அளவு சரி. அன்றிரவு கடமை உள்ளவரை அழைக்க வேண்டாம். அந்த நேரம் அவர் படுத்திருக்க வேண்டியவர்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மூன்று நான்கு பேரே கிடைக்கலாம். அதுவும் அமர்வுதான். தேவையான பொருள் வெள்ளைத்தாளும் பென்சிலும் மட்டுமே.

முதல் அரை மணித்தியாலம்: நித்திரைக் கணக்கு

பேச்சோடு தொடங்க வேண்டாம். ஆளுக்கொரு தாளில் 24 கட்டம் கொண்ட மூன்று வரிசை கீறச் சொல்லுங்கள். ஒரு கட்டம் ஒரு மணித்தியாலம், ஒரு வரிசை ஒரு நாள். கடைசியாகச் செய்த இரவுக் கடமைக்கு முந்திய நாள், அந்த நாள், அடுத்த நாள் என்று மூன்றையும் நினைவுபடுத்தி, நித்திரை கொண்ட கட்டங்களை மட்டும் கறுப்பாக்க வேண்டும். பேரெழுத வேண்டியதில்லை.

அப்படியான ஒரு தாளை இங்கே கீறிக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நான் அமைத்த ஆள்தான். ஆனால் பல தாதியர் தங்களை இதில் அடையாளம் காண்பார்கள். யாழ்ப்பாண நகரில் வீடு, ஊர்காவற்றுறையில் வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் படுத்து விடியப்புறம் நாலரைக்கு எழும்புகிறார். சமைத்து வைத்து ஐந்தேமுக்காலுக்கு வெளிக்கிட்டு, ஏழு மணிக்குக் காலைக் கடமை. இரண்டு மணிக்கு வீடு. சாப்பாடு, உடுப்புத் தோய்ப்பு, பிள்ளையை ரியூசனில் விடுதல். ஐந்தேமுக்காலுக்குத் திரும்பவும் மோட்டார் சைக்கிள். ஏழு மணிக்கு இரவுக் கடமை.

இப்போது கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். அதிகாலை நாலு மணிக்கு வாட்டில் ஊசி மருந்து எடுக்கும்போது அவர் விழித்திருப்பது இருபத்துமூன்றரை மணித்தியாலம். காலை ஏழரைக்குப் பண்ணைப் பக்கம் நோக்கி வண்டியை எடுக்கும்போது இருபத்தேழு.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை 1997 இல் அவுஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரே ஆட்களை ஒரு நாள் விழித்திருக்க வைத்தும், இன்னொரு நாள் மது கொடுத்தும், கையும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டிய ஒரே சோதனையைச் செய்வித்தார்கள். பதினேழு மணித்தியாலம் விழித்திருந்தவரின் செயற்பாடு, இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்பாட்டுக்குச் சமமாக இருந்தது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் அது ஏறத்தாழ 0.10 வீதத்துக்குப் போனது. இலங்கையில் சாரதிக்குரிய எல்லை 0.08. இந்தத் தாதி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பொலிஸ் மறித்தாலும் வாழ்த்திவிட்டுத்தான் அனுப்பும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "உதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போச்சுது அக்கா." அதை மறுத்து வாதாட வேண்டாம், 2003 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வைச் சொல்லுங்கள். நல்ல ஆரோக்கியமானவர்களைப் பதினாலு நாள் ஆறு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொள்ள விட்டார்கள். நாளுக்கு நாள் அவர்களின் கவனம் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றிரண்டு இரவு முழுக்க விழித்தவர்களின் நிலைக்கு வந்தது. ஆனால் "நித்திரை வருகிறதா" என்று கேட்டபோது சில நாட்களுக்குப் பிறகு அவர்களின் பதில் பெரிதாக மாறவே இல்லை. பழகிப்போவது களைப்பை உணரும் புலன்தான். களைப்பு அப்படியே கிடக்கிறது.

அடுத்து, அதே தாளில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பின்னேரம் மூன்று முதல் நாலரை வரை ஒன்றரை மணித்தியாலம் கறுப்பாக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஏறத்தாழ ஒரு முழு நித்திரைச் சுற்றுக்குப் போதும். அப்போது அதிகாலை நாலு மணிக்கு அவர் கடைசியாக நித்திரை விட்டெழும்பி பதினொன்றரை மணித்தியாலம்தான் ஆகியிருக்கும். முதல் நாள் கடன் முழுக்க அடைபட்டுவிடாது. என்றாலும் இரவு முழுவதற்குமாகச் செய்யக்கூடியவற்றில் இதற்கு இணையாக வேறொன்றை நான் காணவில்லை. இரவுக் கடமைக்கான நித்திரை முதலில் முன்னுக்குக் கொள்ள வேண்டியது. "காலமை வந்து படுப்பம்" என்பதை அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

தொடர்ந்து இரண்டு மூன்று இரவு வந்தால் பகலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வீடு வந்து, முகம் கழுவி, ஒன்பது முதல் ஒரு மணி வரை முதல் நித்திரை. பிள்ளைகள் வந்து சாப்பிட்ட பிறகு நாலு முதல் ஐந்தேகால் வரை இரண்டாவது. இந்த ஒன்பது மணி நித்திரையை எல்லா இரவுக் கடமை நாட்களிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும். உடம்பின் மணிக்கூடு சில இரவுகளில் தலைகீழாகத் திரும்பாது. அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு முளையாவது தேவை. கடைசி இரவு முடிந்த அன்று மட்டும் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலத்தோடு எழும்பிவிடுங்கள். பகல் முழுக்கப் படுத்தால் அன்றிரவு நித்திரை வராது, கடன் அடுத்த வாரத்துக்குப் போகும்.

அறை பற்றி ஒன்றிரண்டு சொல். தகரக் கூரைக்குக் கீழே பகல் பத்து மணிக்குப் பிறகு நித்திரை வராது என்பது தீவகத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் ஆகக் குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள், அது சாமியறையாக இருந்தாலும் பரவாயில்லை. சன்னலுக்குக் கடும் நிறச் சாரம் ஒன்றைக் கட்டினால் போதும். கைத்தொலைபேசியில் ஒரேயொரு இலக்கத்துக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிட்டு மற்றவற்றை மூடுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள், காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கின்றன. வாகனத்தில் யாராவது ஏற்றிப் போனால் சரி. தானே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் போட வேண்டாம். இருபுறமும் கடல் உள்ள தெருவில் அந்த வெயில்தான் அவரை விழிக்க வைத்திருக்கிறது.

சாப்பாடு

இதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் பொதுவாகப் பேசாமல் அவரவர் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துப் பேச வேண்டும். இரவில் உடம்பு சீனியைக் கையாளும் விதம் பகலைப் போல் இருக்காது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு கோப்பை சோறோ கொத்துரொட்டியோ சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி பகலைவிடக் கூடுதலாக ஏறி, நீண்ட நேரம் நிற்கும். வயிறும் மெதுவாகத்தான் வேலை செய்யும். நெஞ்செரிவும், மூன்று மணிக்குக் கண் சொருகுவதும் அதனால் கூடும்.

ஆகவே பெரிய சாப்பாடு கடமைக்கு முதல், ஆறு மணியளவில். புட்டோ இடியப்பமோ சோறோ, மீனும் கீரையுமாக வயிறாரச் சாப்பிடலாம். பிறகு பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குள் ஒரு சிறு சாப்பாடு: அவித்த கடலை அல்லது பயறு ஒரு கிண்ணம், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கு இரண்டு. ஐந்து மணி வரை வேறு ஒன்றும் வேண்டாம், பசித்தால் மோர். வீடு வந்தபின் படுக்கமுதல் இலேசாக ஏதாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு படுத்தால் பதினொரு மணிக்கே பசி எழுப்பிவிடும்.

தேத்தண்ணியைப் பற்றித்தான் கேள்வி கூட வரும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து போக ஐந்து மணித்தியாலமளவில் எடுக்கும். இரண்டு மணிக்குக் குடித்தது ஏழு மணிக்கும் பாதி நிற்கிறது. எனவே கடமை தொடக்கத்தில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று, கடைசியாக இரண்டு மணிக்கு ஒன்று. நாலு மணிக்குக் குடிக்கும் கடும் சாயம் ஒன்பது மணி நித்திரையை மெலிதாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் மூன்று கரண்டி சீனி போடுபவர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தண்ணீர் தீவகத்துக்கேயுரிய சிக்கல். கிணற்றுத் தண்ணி சவராக இருப்பதால் பலர் கடமையில் மிகக் குறைவாகவே குடிக்கிறார்கள். இருட்டில் மலசலகூடம் தூரம் என்பதாலும் குடிக்காமல் விடுபவர்கள் உண்டு. விடியப்புறத் தலையிடியும் மந்தமும் நித்திரைக் குறைவால் மட்டும் வருவதல்ல. குடிக்கத்தக்க தண்ணீர் ஒரு லீற்றர் போத்தலில் கொண்டுபோய், விடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

விரதத்தையும் கேட்டுவைக்க வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்துகொண்டு இரவுக் கடமை செய்பவர்கள் இருக்கிறார்கள். விரதத்தை விடச் சொல்வது அமர்வு நடத்துபவரின் வேலையல்ல. கடமையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று இரண்டு வாரம் முன்பே பார்ப்பதுதான் வேலை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இரவுக் கடமை நாட்களுக்கான நேரத்தைத் தானாக மாற்றாமல் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று மணி முதல் ஆறு மணி வரை

உடம்பின் வெப்பநிலை இரவில் மெல்ல இறங்கி, அதிகாலை நாலைந்து மணியளவில் அடியைத் தொடும். அந்த நேரம் குளிர்வதுபோல் இருப்பதும் சேலையையோ கம்பளிச் சட்டையையோ இழுத்துப் போர்த்துவதும் அதனால்தான். கவனமும் அப்போதுதான் ஆகக் குறைவு. வைத்தியசாலையில் ஐந்து மணிக்குப் பிறகு வேலை கூடுகிறது: இரத்த மாதிரி, காலை ஊசிகள், சீனி பார்த்தல், ஏழு மணிக்கு ஒப்படைக்க அறிக்கை எழுதுதல். கவனம் அடியிலும் வேலை உச்சியிலும் சந்திக்கும் நேரம் அது.

அறிகுறிகளைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட, "உங்களுக்கு எது முதல் வரும்" என்று சுற்றிக் கேளுங்கள். ஒருவருக்கு ஒரே வரியை இரண்டு தரம் வாசிப்பது. இன்னொருவருக்கு மருந்தைக் கொடுத்தேனா இல்லையா என்று திரும்பப் போய்ப் பார்ப்பது. சிலர் நோயாளியின் உறவினரிடம் சீறி விழுவார்கள். இவை மஞ்சள் விளக்கு. சிவப்பு விளக்கு வேறு: தலை ஒருமுறை சட்டென்று விழுந்து நிமிர்வது, பேனை கோடாக இழுபடுவது, கடந்த சில விநாடி என்ன நடந்தது என்று தெரியாமல் போவது. கண் திறந்தபடியே மூளை சில விநாடி நித்திரைக்குள் போய் வருகிறது. இது ஒருமுறை வந்தால் மனவுறுதியால் அடுத்ததைத் தடுக்க முடியாது. முகம் கழுவுவதும் நடப்பதும் சில நிமிடம் தாங்கும்.

தடுக்கக்கூடியது சிறு நித்திரைதான். இருவர் கடமையில் இருந்தால், பொறுப்பைச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒருவர் இருபது நிமிடம் படுக்கலாம். அலாரம் வைக்க வேண்டும். நாற்பது, ஐம்பது நிமிடம் போனால் ஆழ்ந்த நித்திரைக்குள் இறங்கி, எழும்பும்போது தடுமாற்றம் கூடும். இருபது நிமிடத்தின் பின்னரும் ஒரு கால்மணி நேரம் ஊசியோ கணக்கோ வேண்டாம். இதற்குப் பொறுப்புத் தாதியின் வெளிப்படையான அனுமதி வேண்டும். ஒளித்துப் படுத்தால் யாரும் அலாரம் வைப்பதில்லை.

ஒருவர் மட்டும் நிற்கும் இடத்தில் இது சரிவராது. அங்கே வேலையைத்தான் மாற்றி அடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் அவசரமில்லாத மருந்துக் கணக்கு, பெட்டக எண்ணிக்கை, நீண்ட எழுத்துவேலை எதையும் வைக்காதீர்கள். இன்சுலின், ஹெப்பரின், பொற்றாசியம், குழந்தைகளின் அளவு ஆகிய நான்கையும் வாய்விட்டுச் சொல்லி, எழுதி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு விடை வந்தால் கடமை வைத்தியரை எழுப்புவது என்று முன்கூட்டியே அவருடனேயே பேசி வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் நாலு மணிக்குக் கை தொலைபேசிக்குப் போகும்.

வீடு திரும்பும் வழி

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொருகினால் வண்டி நாற்பது மீற்றருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியிருக்கும். வேலணைப் பக்கம் கடந்து பண்ணைத் தாம்போதிக்கு வரும் நேரம் நேரான தெரு, கடற்காற்று, ஒரே சத்தம். நித்திரைக்கு இதைவிட நல்ல தாலாட்டு இல்லை. கடந்துவந்த சந்தி நினைவில் இல்லை என்றால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். இருவர் ஒரே பக்கம் போனால், அன்றிரவு கடமை செய்யாதவரோ பேருந்தோ கிடைக்குமா என்று அமர்விலேயே பட்டியலைப் பார்த்துப் பேசுங்கள். வெளிக்கிட முதல் வைத்தியசாலையிலேயே இருபது நிமிடம் படுத்துவிட்டுப் போவதும் ஒரு வழி.

நெடுந்தீவிலிருந்து வருபவருக்கு ஒரு மணித்தியாலமளவு படகு. அதில் நித்திரை கொள்வது நல்லதுதான். ஆனால் குறிகட்டுவானில் தட்டி எழுப்பப்பட்டவர் அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏறுவதுதான் ஆபத்து. இறங்குதுறையில் ஒரு பிளேன்ரீ குடித்து, இருபது நிமிடம் நின்று, பிறகு வெளிக்கிடுங்கள்.

நித்திரை வராதவர்கள்

எங்கள் தாதியரில் பலருக்கு நித்திரை என்பது வெறும் மணித்தியாலக் கணக்கல்ல. பதுங்குகுழியில் வளர்ந்தவர்கள், ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கப் பழகியவர்கள். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் போனவர்கள் கொல்லப்பட்ட அதே கடலைக் கடந்துதான் நெடுந்தீவுக்குப் போய் வருகிறார்கள். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே தாதியரும் வைத்தியரும் கடமையில் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இரவு வாட்டில் கதவு அடிபட்டால் மற்றவர்களைவிட இவர்களின் நெஞ்சு கூட நேரம் அடிக்கும்.

அமர்வில் இதைக் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. பத்துப் பேர் இருக்கும் அறையில் திறந்த காயத்தோடு ஒருவர் அன்று கடமைக்குப் போக வேண்டிவரும். மூச்சுப் பயிற்சி செய்வித்தால் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், கதவும் திறந்திருக்கட்டும். வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள். கடமைக் களைப்பு, இரண்டு மூன்று நாள் லீவில் ஒழுங்காகப் படுத்தால் இறங்கும். லீவிலும் நித்திரை வராமல், அதே கனவு திரும்பத் திரும்ப எழுப்பி, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு. அதற்கு வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. சகபாடிகள் வேலை செய்யும் இடத்துக்குப் போக வெட்கமென்றால் வேறொரு வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொன்னாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது எத்தனை மணித்தியாலம் படுத்தாலும் தீராத களைப்பு.

கடைசிப் பத்து நிமிடம்

தாள்களை எடுத்து, கறுப்புக் கட்டம் ஆகக் குறைந்த நாட்களை ஒன்றாக அடுக்குங்கள். பெரும்பாலும் காலைக் கடமையும் இரவுக் கடமையும் ஒரே நாளில் வந்த நாட்கள்தான் மேலே வரும். அடுத்த மாதக் கடமைப் பட்டியலில் மாற்றக்கூடிய ஒரேயொரு விடயத்தை எல்லோரும் சேர்ந்து எழுதிப் பொறுப்புத் தாதியிடம் கொடுங்கள். ஆளணியை இந்தத் தாள் கூட்டித் தராது. மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பிக் கடன் கட்டுபவர், இரட்டைக் கடமையை விட விரும்பமாட்டார், அவருடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு கடமைக்கும் இடையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளையை ரியூசனில் விட வேறு யார் போகலாம் என்பதையாவது அங்கேயே பேசி முடிக்கலாம்.

ஆறு வாரம் கழித்து அதே மூன்று வரிசையைத் திரும்பக் கீறச் சொல்லுங்கள். இரவுக் கடமைக்கு முந்திய பின்னேரத்தில் எத்தனை தாளில் கறுப்புக் கட்டம் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வேறு கேள்வித்தாள் எதுவும் தேவையில்லை.